பறவைக் காய்ச்சல் நேரத்தில் முட்டை: வாங்குவது முதல் வேகவைப்பது வரை

கோவையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு சின்ன ஹாஸ்டலுக்கு நான் மெஸ் நடத்துகிறேன். 38 பேருக்குச் சாப்பாடு, வாரத்தில் நாலு நாள் முட்டை உண்டு. 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவா, செருதனை பகுதிகளில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. வாளையாறு சோதனைச் சாவடியில் கேரளா வண்டிகளின் டயருக்கு மருந்து அடிப்பதை டிவியில் காட்டினார்கள். அன்று ராத்திரியே பிள்ளைகளின் அம்மாக்கள் போன் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, ஒரு மாசத்துக்கு முட்டையே வேண்டாம்" என்று பாதிப்பேர். "முட்டையை நிறுத்தினால் காசைக் குறைப்பீங்களா?" என்று மீதிப்பேர்.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததில் பாதி தப்பு. 120 முட்டையை வீசினேன். அடுத்து வாங்கியதைக் கழுவி வைத்துக் கெடுத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து நிதானமாகப் படித்து, ஒரு கால்நடை மருத்துவரிடமும் கேட்டு, அடுப்படியில் சோதித்தும் பார்த்தேன். புதிதாக மெஸ் தொடங்குகிறவர்களும், வீட்டை விட்டு வந்து முதல்முறை தனியாகச் சமைக்கிறவர்களும் நான் பட்ட அவஸ்தையைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விடை: உள்ளே நடுப்பகுதி வரை நன்றாக வெந்த முட்டையைப் பறவைக் காய்ச்சல் நேரத்திலும் சாப்பிடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் சொன்னதும் அதுதான். ஆனால் "நன்றாக வெந்த" என்ற இரண்டு வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அது எத்தனை நிமிடம், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, வேகும் முன்னால் முட்டை நம் கையில் இருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

1. செய்தியில் நாலு விஷயத்தை மட்டும் தேடுங்கள்

"பறவைக் காய்ச்சல் பரவுகிறது" என்ற தலைப்பைப் பார்த்ததும் முட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே போய், எந்த ஊர், எந்தப் பறவை, சோதனையில் உறுதியானதா, எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கட்டுப்பாடு என்று பாருங்கள்.

உறுதி என்றால் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு கால்நடை நோய் ஆய்வகத்தின் முடிவு வந்திருக்க வேண்டும். அது வரும்வரை செய்தி சந்தேகம்தான். உறுதியானதும் நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். அங்கே இருக்கும் முட்டையும் தீவனமும்கூட அழிக்கப்படும். அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பில் வைப்பார்கள். அதாவது நோய் வந்த பண்ணையின் முட்டை கடைக்கு வரக்கூடாது என்பதற்கு ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் ஓட்டையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். உறுதியாவதற்கு முந்தைய சில நாட்களில் முட்டை வெளியே போயிருக்கலாம். நோய் பிடித்த கோழி சீக்கிரமே முட்டை போடுவதை நிறுத்திவிடும், பெரும்பாலும் செத்தும் போகும். ஆனால் அதற்கு முன் போட்ட முட்டையின் ஓட்டிலும், உள்ளே வெள்ளைக் கருவிலும் மஞ்சள் கருவிலும் வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தச் சின்ன வாய்ப்புக்காகத்தான் நாம் அடுப்பை நம்புகிறோம்.

வாட்ஸ்அப் படங்களை நம்பாதீர்கள். எனக்கு வந்த ஒரு படத்தில் வெள்ளை உடை போட்டவர்கள் கோழிகளைக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே "நேற்று நாமக்கல்" என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஒரு குழுவில் அதே படம் வேறு ஊர்ப் பெயரோடு எனக்கு வந்திருந்தது.

2. கையில் இருக்கும் முட்டையை வீசாதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். செய்தி வந்த மறுநாள் காலையில் நாலு ட்ரே, ஒரு ட்ரேக்கு 30 என்று 120 முட்டை இருந்தது. ஒன்று ஐந்தரை ரூபாய் என்று வாங்கியது. அம்மாக்களின் போனுக்குப் பயந்து, அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டச் சொன்னேன். 660 ரூபாய் போனதைக்கூட விடுங்கள். பாதி முட்டை உடைந்து, வெள்ளைக் கரு வழிந்து, அதைக் கையுறை இல்லாமல் அள்ளியவர் தூய்மைப் பணிக்கு வரும் அம்மா. அந்த முட்டையில் உண்மையிலேயே ஏதாவது இருந்திருந்தால், வேகவைத்துச் சாப்பிட்டிருந்தால் 38 பேருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, பச்சையாகக் கையில் அள்ளிய அவருக்குத்தான் ஆபத்து. இதை மருத்துவர் எடுத்துச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே, கடையில் முறையாக வாங்கி வைத்திருக்கும் முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். விரிசல் விட்டதையும், எச்சம் அப்பியதையும் மட்டும் தனியே எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் குப்பையில் சேருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீடே அந்தக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் இருந்து, முட்டை உங்கள் வீட்டுக் கோழி போட்டது என்றால், வேகவைக்கிற பேச்சே வேண்டாம். அதை எடுக்க வரும் கால்நடைத் துறை ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.

3. வாங்கும்போது பில்லும் ட்ரேயும்

வீட்டுக்கு ஆறு முட்டை வாங்குகிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மெஸ், டிபன் கடை, பேக்கரி நடத்துகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்.

மொத்த வியாபாரியிடம் பில் கேளுங்கள். நான் மூன்று வருடமாகத் துண்டுச்சீட்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். "எங்கிருந்து முட்டை வருது, எழுதிக் காட்டுங்க" என்று ஒரு அம்மா கேட்டபோது என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. இப்போது எங்கள் முட்டை அண்ணன் தேதி, எண்ணிக்கை, எந்த ஊர்ப் பண்ணை என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதித் தருகிறார். கேட்டு வாங்கப் பழகியதற்குக் கூடுதல் காசு எதுவும் ஆகவில்லை. அந்த பில்லை ஒரு மாதம் வைத்திருங்கள். நாளைக்கு ஏதாவது ஒரு பண்ணையின் பெயர் செய்தியில் வந்தால் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

அடுத்தது ட்ரே. இதை யாரும் யோசிப்பதில்லை. அந்தச் சாம்பல் நிறக் காகித ட்ரே பண்ணைக்கும் கடைக்கும் பலமுறை போய்வரக்கூடியது. எச்சமும் இறகும் ஒட்டியிருக்கும். நாமோ அதைக் கொண்டுவந்து, காய் நறுக்கும் மேடை மேலேயே வைப்போம். இப்போது நான் ட்ரேயைச் சமையலறைக்குள் விடுவதில்லை. வாசலிலேயே முட்டையை எங்கள் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றிவிட்டு, காகித ட்ரேயை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவோம். கூடை இரண்டு வாங்கியதில் 180 ரூபாய் செலவு.

முட்டையைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டை பழசா புதுசா என்பதைத்தான் காட்டும். நாட்டுக்கோழி முட்டை என்றால் நோய் வராது என்பதும் தப்பு. கொல்லையில் திரியும் கோழிதான் காட்டுப் பறவைகளோடும் வாத்துகளோடும் அதிகம் கலக்கும். கூண்டுப் பண்ணைக் கோழிக்கு அந்த வாய்ப்புக் குறைவு. விலையைப் பார்த்தும் மயங்காதீர்கள். கேரளாவில் நோய் என்றதும் அங்கே விற்பனை குறைந்து நாமக்கல்லில் முட்டை தேங்கும், விலை இறங்கும். அதைப் பார்த்து "கெட்ட முட்டை, அதான் மலிவு" என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

4. கழுவி அடுக்காதீர்கள்

இது என் இரண்டாவது தப்பு. வீசிய முட்டைக்குப் பதிலாக வாங்கிய இரண்டு ட்ரேயை, சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அலசி, ஈரத்தோடு பிரிட்ஜில் அடுக்கினேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் நாற்றம். பத்துப் பன்னிரண்டு முட்டை அழுகியிருந்தது.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடிக்கொண்டு மெல்லிய பூச்சு ஒன்று இயற்கையாகவே இருக்கும். கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஓட்டின் மேல் இருக்கும் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஒரு முட்டையின் எச்சம் வாளி முழுக்கக் கரைந்து மற்ற எல்லா முட்டைக்கும் பூசப்படும்.

ஆகவே வைக்கும்போது கழுவ வேண்டாம். காய்ந்த அழுக்கு இருந்தால் டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டு அதைத் தூக்கிப் போடுங்கள். கழுவியே ஆகவேண்டும் என்றால் அடுப்பில் போடும் முன், ஒவ்வொன்றாக, ஓடும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். முட்டையை பிரிட்ஜில் மூடிய டப்பாவில், மாவுக்கும் தயிருக்கும் கீழ்த்தட்டில் வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் வைரஸ் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும், ஃப்ரீசரில்கூடத் தாங்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் எலுமிச்சை பிழிவதும் வேகவைப்பதற்கு ஈடாகாது.

முட்டையை உடைத்த கையோடு உப்பு டப்பாவைத் தொடுவது எங்கள் சமையல்கார அக்காவின் பழக்கம். என் பழக்கமும்தான். இப்போது உடைத்ததும் ஓட்டை நேராகக் குப்பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுத்த டப்பா. இந்த வைரஸின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. சாதாரணச் சோப்பு அதைப் பிய்த்துவிடும், விசேஷ மருந்து எதுவும் வாங்க வேண்டாம்.

5. அவிப்பது: மஞ்சள் கருதான் தெர்மாமீட்டர்

வெப்பம் ஏற ஏற வைரஸ் வேகமாகச் சாகும். பதப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பு தரும் கணக்கில், உடைத்துக் கலந்த முழு முட்டையை 60 டிகிரியில் 188 விநாடி வைக்க வேண்டும். 70 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 3 விநாடியே போதும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஆகவே நாம் பிடிக்க வேண்டிய எண் 70. அதுவும் தண்ணீரின் சூடு அல்ல, முட்டையின் நட்டநடுவில் இருக்கும் சூடு.

நல்லவேளையாக அந்த 70ஐக் காட்டும் அடையாளம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளைக் கரு 60 டிகிரிக்கு மேல் பால் நிறமாக இறுக ஆரம்பிக்கும். மஞ்சள் கரு 65ஐ ஒட்டித் தடிக்கத் தொடங்கி, 70ஐ ஒட்டித்தான் முழுசாக இறுகும். ஆகவே வெள்ளை வெந்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. மஞ்சள் நடு வரைக்கும் இறுகி, விரலால் பிட்டால் மாவாக உதிர்ந்தால் தேவையான சூடு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதித்தேன். 400 ரூபாய்க்கு ஊசி மாதிரி முனையுள்ள உணவு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். ஐந்து முட்டையின் மேல் பென்சிலால் 6, 8, 10, 12, 14 என்று எழுதினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஐந்தையும் கரண்டியால் இறக்கி, மறுபடி கொதி வந்ததும் மணி பார்த்தேன். அந்தந்த நிமிடத்தில் எடுத்து உடனே பாதியாக வெட்டினோம்.

6 நிமிட முட்டையில் வெள்ளை அழகாக வெந்திருந்தது, மஞ்சள் தேன் மாதிரி தட்டில் ஓடியது. 8இல் ஓரம் இறுகி, நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஈரம் நின்றது. 10இல் பார்வைக்கு வெந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் ஒரு ரூபாய் அளவுக்கு நடுவில் கொஞ்சம் அடர்நிறம், விரலில் ஒட்டியது. 12 நிமிட முட்டையில் மஞ்சள் முழுக்க வெளிறி, காய்ந்து, உதிர்ந்தது. நடுவில் குத்திய தெர்மாமீட்டர் 70ஐத் தாண்டி நின்றது. 14இல் மஞ்சளைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் வந்திருந்தது. அந்த வளையத்தைப் பார்த்து "கெட்ட முட்டை" என்று ஒதுக்கும் பிள்ளைகள் உண்டு. வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சூட்டில் சேர்ந்து வருவது அது. கெடுதல் இல்லை. நன்றாகவே வெந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

வீட்டில் நாலைந்து முட்டைக்கு 12 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகப் போட்டால் இன்னும் 2 நிமிடம். ஆனால் மெஸ் அளவுக்கு அவிக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு முதல்நாளே உதைத்தது. பெரிய போசியில் 40 முட்டையைக் கொட்டியதும் கொதி அடங்கிவிட்டது. திரும்பக் கொதிக்க 7 நிமிடம் ஆனது. சமையல்கார அக்கா முட்டை போட்ட நேரத்திலிருந்து 12 நிமிடம் எண்ணி இறக்கிவிட்டார். வெட்டிப் பார்த்தால் நடு முட்டைகளெல்லாம் கொழகொழ. ஆகவே எண்ண வேண்டியது திரும்பக் கொதி வந்த பிறகு. முட்டை ஒரே அடுக்காக, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி இருக்கட்டும். இரண்டு அடுக்காகப் போட்டால் நடுவில் இருப்பது பின்தங்கும். இப்போது 20, 20 ஆக இரண்டு முறை அவிக்கிறோம். முறைக்கு ஒன்றாக, நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்போம். வெட்டிய முட்டை அக்காவுக்கு.

இட்லிக் குண்டானில் ஆவியில் வைப்பதென்றால் ஆவி வந்த பிறகு 15 நிமிடம் விடுங்கள். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 92, 93லேயே கொதித்துவிடும். வைரஸுக்கு அது போதும்தான், ஆனால் நடுவரை சூடு போய்ச்சேர இன்னும் சில நிமிடம் பிடிக்கும். அங்கேயும் ஒன்றை வெட்டிப் பார்ப்பதுதான் வழி.

அவித்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டு உரிப்போம் அல்லவா? வெட்டிப் பார்த்துச் சரி என்றான பிறகு போடுங்கள். உரித்த முட்டையைத் திரும்பப் பழைய ட்ரேயில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், எங்கள் மெஸ்ஸில் நடந்ததுதான்.

6. ஆம்லெட் சரி, கலக்கிக்கு லீவு

எந்தப் பண்டம் என்றாலும் கேள்வி ஒன்றுதான்: எங்காவது ஓடுகிற கரு இருக்கிறதா?

பொடிமாஸ் பிரச்சினையே இல்லை. ஈரம் வற்றி உதிரியாகும்வரை கிளறுவதால் எல்லாத் துணுக்கும் வெந்துவிடும். ஆம்லெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள், நடுவில் தோசைக் கரண்டியால் அழுத்தினால் ஈரம் கசியக்கூடாது. கரண்டி ஆம்லெட் தடிமனாக இருக்கும், வெளியே பொன்னிறமாகி உள்ளே பச்சையாக நிற்கும். தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவைத்து, குச்சி குத்திப் பாருங்கள். முட்டை தோசையில் மேலே ஊற்றிய முட்டை வேக, திருப்பிப் போட்டே ஆகவேண்டும். குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றுகிறவர்கள், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஊற்றி, கிளறாமல் மூடி 8 முதல் 10 நிமிடம் விட்டு, ஒன்றைக் கரண்டியால் பிளந்து பாருங்கள்.

ஆஃப் பாயில் வேண்டாம். மஞ்சள் குலுங்கினாலே அது 70ஐத் தொடவில்லை. உடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் ஃபுல் பாயில், அது சரி.

கலக்கிதான் எங்கள் ஊரில் சண்டையைக் கிளப்பியது. சால்னாவோடு முட்டையை அடித்து, கல்லில் ஊற்றி, பாதி வெந்தும் வேகாமலும் சுருட்டி எடுப்பதில்தானே அதன் ருசியே இருக்கிறது. அதை முழுக்க வேகவைத்தால் கலக்கி அல்ல, மசாலா பொடிமாஸ். ஆகவே நோய்ச் செய்தி இருக்கும்வரை மெனுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

பச்சை முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து, மேலே நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் பாலில் உடைத்து ஊற்றிக் குடிக்கிறார்கள். இரண்டையும் நிறுத்துங்கள். பாட்டி கோபித்துக்கொண்டால், அவித்த முட்டையைப் பிட்டு நல்லெண்ணெயில் தோய்த்துக் கொடுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாதானம் ஆனது. பச்சை முட்டையில் பறவைக் காய்ச்சல் இல்லாத காலத்திலும் சால்மோனெல்லா உண்டு. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தடை செய்ததும் இந்த மாதிரிக் கிருமிகளால்தான், பறவைக் காய்ச்சலால் அல்ல. ஷவர்மா வாங்கினால் முட்டையில்லாத மயோனைஸா என்று கேளுங்கள்.

கேக், பன், பிஸ்கட் எல்லாம் ஓவனில் நடுவரை வெந்துவிடுவதால் பயமில்லை. கேக் மாவை வழித்து நக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

7. வேகவைப்பதால் தீராதது

இதுவரை சொன்னது எல்லாம் சாப்பிடும் முட்டையைப் பற்றி. மனிதர்களுக்கு இந்த நோய் வந்த சம்பவங்களில் பெரும்பாலும் காரணம், நோயுற்ற அல்லது செத்த பறவையைத் தொட்டது, அறுத்தது, இறகு பிடுங்கியது, அந்தக் கொட்டகையின் தூசியைச் சுவாசித்தது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கி இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் கோழி வெட்டும்போது ஒரு பச்சைத் துண்டு அந்தக் குழந்தையின் வாய்க்குப் போயிருந்ததாகச் செய்திகள் சொன்னன. சமைத்த கறியைச் சாப்பிட்ட வீட்டார் யாருக்கும் நோய் வரவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து கோழி வெட்டும் இடத்திலும் முட்டை உடைக்கும் இடத்திலும் குழந்தைகளை நான் விடுவதில்லை.

வீட்டில் கோழி வளர்க்கிறீர்கள், இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் செத்துப் போகின்றன, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருக்கின்றன, முட்டை திடீரென்று குறைகிறது அல்லது தோல்முட்டையாக வருகிறது என்றால், அறுக்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். கால்நடைத் துறையை 1962 எண்ணில் கூப்பிடுங்கள். அழித்தால் நட்டம்தானே என்று மறைக்கிறவர்கள் உண்டு. இழப்பீடு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேரளாவில் 2021இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும் முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தார்கள். கணக்கெடுக்க வரும்போது எத்தனை பறவை, எத்தனை முட்டை என்று எழுதி, கையெழுத்து வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகலும் தயாராக இருக்கட்டும்.

செத்த பறவையைத் தொட்டவருக்கு 10 நாளைக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, மூச்சிரைப்பு ஏதாவது வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி ஓட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வாக்கியமாகப் பறவையைத் தொட்டதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குச் சாதாரண ஃப்ளூவாகத்தான் தெரியும். இதற்கான வைரஸ் மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு போன் பண்ணிக் கேட்கலாம். முந்தாநாள் ஹோட்டலில் ஒரு ஆஃப் பாயில் சாப்பிட்டுவிட்டேன், பயமாக இருக்கிறது என்பவர்கள் ஓட வேண்டியதில்லை. உடம்புக்கு ஏதாவது செய்தால் மட்டும் போய், சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஆன மொத்தச் செலவு தெர்மாமீட்டர் 400, கூடை 180. வீசிய முட்டையையும் அழுகியதையும் சேர்த்தால் இன்னும் 700 ரூபாய்க்கு மேல், அதை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். அம்மாக்களிடம் பேசிப் பார்த்ததில் பலன் இல்லை. பாதியாக வெட்டிய ஒரு 12 நிமிட முட்டையில் தெர்மாமீட்டர் குத்தியிருப்பதைப் படம் எடுத்து, அதோடு பில்லையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். அதற்கு அடுத்த வாரம் முட்டை வேண்டாம் என்றவர்கள் மூன்று பேர்தான். அவர்களுக்குச் சுண்டல் கொடுத்தோம். கலக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது ஆலப்புழைக் கட்டுப்பாடு விலகிய செய்தி வந்த பிறகு. முன்னைப் போல் ஓடுவதில்லை, கொஞ்சம் கெட்டியாகத்தான் சுருட்டுகிறார் அக்கா.